இயல் 3.4: மாதிரி எடுத்த முறையும் மாதிரி அளவும்

இந்த ஆய்வு கேட்கும் கேள்வி எளியது: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் இளங்கலை மாணவர்களில் எத்தனை பேர் படித்துக்கொண்டே கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலைக்குப் போகிறார்கள், ஷிப்ட் 1, ஷிப்ட் 2 என்ற வேறுபாடு அதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது? கடந்த 30 நாளில் ஒரு நாளாவது பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்திருந்தால் அவரை 'வேலை பார்ப்பவர்' என்று கணக்கில் எடுத்திருக்கிறேன். வீட்டுக் கடையில் சம்பளமில்லாமல் உட்காருவதையும் கேட்டேன். ஆனால் அது தனி வினா. கல்லூரியின் பெயரை வெளியிடுவதில்லை என்று முதல்வரிடம் ஒப்புக்கொண்டதால், டெல்டா பகுதியில் இரண்டு ஷிப்டாக இயங்கும் கல்லூரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முழுமைத்தொகுதியும் பெயர்ப்பட்டியலும்

இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மட்டுமே இந்த ஆய்வுக்குள் வருகிறார்கள். முதலாண்டை விட்டதற்கு இரண்டு காரணங்கள். பொறியியல் கலந்தாய்வு முடிந்து, போகிறவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும்வரை முதலாண்டுப் பட்டியல் நிலையாக இருப்பதில்லை. தவிர, அவர்களில் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. ஒவ்வொருவருக்கும் பெற்றோர் ஒப்புதல் வாங்கக் கால அவகாசம் இல்லை.

அலுவலகம் கொடுத்த நாமினல் ரோலில் 2,783 பெயர்கள் இருந்தன. துறை வாரியாக வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, 63 பேர் சென்ற பருவம் முழுவதும் வராதவர்கள் அல்லது சான்றிதழ் வாங்கிச் சென்றவர்கள் என்று தெரிந்தது. அவர்களை நீக்கியபின் மிஞ்சியது 2,720. அந்த 63 பேரில் சிலர் வேலைக்காகவே படிப்பை விட்டிருக்கக்கூடும். ஆகவே இந்த ஆய்வில் வரும் எண், வேலையும் படிப்பும் இரண்டையும் தாங்கி நிற்பவர்களைப் பற்றியது. தாங்க முடியாமல் போனவர்களைப் பற்றியது அன்று.

2,720 பேரை நான்கு அடுக்குகளாகப் பிரித்தேன்: ஷிப்ட் 1 ஆண்கள் 612, ஷிப்ட் 1 பெண்கள் 968, ஷிப்ட் 2 ஆண்கள் 598, ஷிப்ட் 2 பெண்கள் 542.

வகுப்பறையில் ஏன் எடுக்கவில்லை

நெறியாளர் முதலில் சொன்ன வழி, வகுப்புக்குப் போய் இருப்பவர்களிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்குவது. பெரும்பாலான கல்லூரி ஆய்வுகள் அப்படித்தான் நடக்கின்றன. ஒரே காலையில் நூறு படிவம் சேர்ந்துவிடும். சென்ற மாசியில் நடத்திய முன்னோட்ட ஆய்வின்போது இரண்டாம் ஆண்டு வகுப்பு ஒன்றில் இரண்டு நாள் தலை எண்ணிப் பார்த்தேன். பதிவேட்டில் 58 பேர். சாதாரண செவ்வாய்க்கிழமையில் 47 பேர் இருந்தார்கள். அடுத்த வாரம், முகூர்த்த நாளில், 33 பேர். கடைசி பெஞ்சு முழுக்கக் காலி. எங்கே என்று கேட்டதற்கு, "பந்தி பரிமாறப் போயிருக்காங்க சார், கேட்டரிங்" என்று பதில் வந்தது.

வேலைக்குப் போகிறவர்களை அளக்கும் ஆய்வு, வேலைக்குப் போனதால் வராதவர்களை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? வகுப்பில் இருப்பவர்களை எத்தனை நூறு பேர் எடுத்தாலும் இந்தக் குறை தீராது. 1936 அமெரிக்கத் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள், இதழ் லாண்டன் வெல்வார் என்றது, வென்றவர் ரூஸ்வெல்ட். எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் தவறு குறையவில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் படிவத்தின் இணைப்பைப் போடுவதும் இதே காரணத்தால் ஒதுக்கப்பட்டது. அதில் கூடுதல் சிக்கல், எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்றே தெரியாததால் பதில் விகிதத்தைக் கணக்கிட முடியாது. தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவரைப் பிடிக்கும் பனிப்பந்து முறை, பட்டியலே கிடைக்காத கூட்டத்துக்குப் பொருந்தும். என்னிடம் பட்டியல் இருக்கிறது.

சில வகுப்புகளைக் குலுக்கி எடுத்து, பதிவேட்டில் உள்ள அத்தனை பேரையும் தேடிப் பேசும் கொத்து முறையை மட்டும் கொஞ்சம் யோசித்தேன், அலைச்சல் குறையும் என்பதால். ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே கேட்டரிங்காரரிடம், ஒரே ஜவுளிக்கடையில் சேர்ந்துபோய் வேலை பார்க்கிறார்கள். வகுப்புக்கு 50 பேர், உள்வகுப்பு ஒற்றுமை 0.05 என்று மிதமாக வைத்துக்கொண்டாலும், மாதிரி எத்தனை மடங்காக வேண்டும் என்று சொல்லும் deff இப்படி வரும்:

```
deff = 1 + (50 - 1) × 0.05 = 3.45
```

அதாவது கீழே வரும் 337 பேருக்குப் பதிலாக ஏறக்குறைய 1,163 பேரிடம் பேச வேண்டும். மிச்சமாகும் அலைச்சலைவிடக் கூடும் அலைச்சல் பெரிது.

ஆகவே அடுக்கு முறை. ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் முறைசார்ந்த தேர்வு. அடுக்கின் பட்டியலைத் துறை, ஆண்டு, பதிவெண் வரிசையில் அடுக்கியதால் எந்தத் துறையும் விடுபடாது. ஷிப்ட் 1 ஆண்களில் 612 பேரிலிருந்து 105 பேர் வேண்டும், இடைவெளி 5.83. சமவாய்ப்பு எண்ணாக வந்த தொடக்கம் 3.41. அதோடு 5.83ஐக் கூட்டிக்கொண்டே போய், வரும் எண்ணை மேல்நோக்கி முழுமையாக்கினால் 4ஆம் பெயர், 10ஆம் பெயர், 16ஆம் பெயர் என்று பட்டியலின் கடைசிவரை தேர்வு ஓடும். இடைவெளியை 6 என்று முழு எண்ணாக்கியிருந்தால் 102 பேரோடு பட்டியல் தீர்ந்திருக்கும்.

எத்தனை பேர், ஏன் அத்தனை பேர்

95% நம்பிக்கை அளவில் ±5 புள்ளிப் பிழை எல்லை என்று வைத்துக்கொண்டு காக்ரன் சூத்திரத்தில் தொடங்கினேன்.

```
n0 = z²p(1-p)/e² = (1.96² × 0.5 × 0.5)/0.05² = 384.16
n  = n0/(1 + (n0-1)/N) = 384.16/(1 + 383.16/2720) = 336.7 ≈ 337
```

ஆய்வேடுகளில் 384 என்ற எண் மந்திரம்போல வந்துபோகிறது. அது முழுமைத்தொகுதி மிகப் பெரிதாக இருக்கும்போது வரும் எண். 2,720 பேர் கொண்ட கல்லூரிக்கு அது தேவையில்லை. யமானே சூத்திரம் 349 என்கிறது; z மதிப்பை 2 என்று முழுமையாக்கியதன் விளைவே அந்தச் சிறு கூடுதல்.

p மதிப்பை 0.5 என்று எடுத்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். முன்னோட்ட ஆய்வில் பட்டியலிலிருந்து 48 பேரைத் தேர்ந்தெடுத்தேன். 40 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 14 பேர், அதாவது 35%, வேலை பார்ப்பவர்கள். 0.35ஐப் போட்டால் தேவை 310 ஆகக் குறையும். 27 படிவம் மிச்சம். ஆனால் 40 பேரை வைத்துச் சொல்லும் 35% என்பதற்கே ஏறக்குறைய ±15 புள்ளி ஊசலாட்டம் உண்டு. அதைவிட முக்கியம், கிடைக்காத 8 பேரில் 5 பேர் வேலைக்குப் போயிருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். அவர்களையும் சேர்த்தால் விகிதம் 40%ஐத் தொடும். அதனால் 0.5 என்ற பாதுகாப்பான மதிப்பிலேயே நின்றேன். முன்னோட்டம் பார்த்து அளவு குறிக்கும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. வங்காளத்தில் சணல் பரப்பை அளக்க மகலனோபிஸ் 1930களின் பிற்பகுதியில் அப்படித்தான் படிப்படியாகப் போனார்.

மொத்த விகிதம் மட்டும் போதுமானால் இங்கேயே முடித்திருக்கலாம். நான்கு அடுக்கையும் தனித்தனியே பேச வேண்டும் என்பதால், ஒவ்வொன்றிலும் பிழை எல்லை ±10 புள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தேன். அதே சூத்திரம் e = 0.10 என்ற மதிப்பில் 84, 88, 83, 82 என்று தருகிறது. கூட்டினால் மறுபடியும் 337. இது தற்செயல், நானும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஷிப்டுகளை ஒப்பிட இது போதுமா? முன்னோட்டத்தில் ஷிப்ட் 1இல் 20க்கு 9, ஷிப்ட் 2இல் 20க்கு 5 பேர் வேலை பார்த்தார்கள். காலை ஷிப்ட் மதியம் முடிந்துவிடுவதால் மாலைக்குள் கடை வேலைக்குப் போக வசதி, இது எதிர்பார்த்ததே. இருந்தாலும் 20 புள்ளி வித்தியாசத்தை அப்படியே நம்பாமல், 45%க்கும் 30%க்கும் இடையிலான 15 புள்ளியை 80% ஆற்றலோடு கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்தேன்.

```
n = (1.96 + 0.84)² × (0.45×0.55 + 0.30×0.70)/0.15² = 159.4 ≈ 160
```

ஷிப்ட் 1இல் 172 பேரும் ஷிப்ட் 2இல் 165 பேரும் இருப்பதால் தேவை நிறைவேறுகிறது. உண்மை வித்தியாசம் 10 புள்ளிதான் என்றால் ஷிப்டுக்கு 373 பேர் வேண்டும். அது இந்த ஆய்வின் கைக்கு எட்டாதது. ஷிப்டுகளுக்கிடையே வித்தியாசம் தென்படாவிட்டால், 'வித்தியாசமே இல்லை' என்று எழுதமாட்டேன். 'இந்த அளவு மாதிரியால் காண முடியவில்லை' என்றே எழுதுவேன்.

முன்னோட்டத்தில் பதில் விகிதம் 83%. அதைச் சற்றுக் குறைத்து 80% என்று வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் 0.8ஆல் வகுத்தேன்: 105, 110, 104, 103. ஆக 422 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

எடையும் களநடைமுறையும்

ஷிப்ட் 1 பெண்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். மாதிரியில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. எனவே கல்லூரி முழுமைக்கும் விகிதம் சொல்லும்போது அடுக்கின் ஆள்தொகையைப் பதில் தந்தவர் எண்ணிக்கையால் வகுத்து எடை கொடுக்கிறேன். இந்த எடையால் துல்லியம் ஏறக்குறைய 5% இழப்பாகிறது. 337 பேர் பதில் தந்தாலும் 321 பேருக்குச் சமம். மொத்தப் பிழை எல்லை ±5 அன்று, ±5.1.

தேர்வான ஒருவர் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரை எடுத்துக்கொள்ளும் வேலை அறவே இல்லை. ஒருவரை நான்கு முறை தேடுவது: இரண்டு முறை கல்லூரியில் வெவ்வேறு கிழமைகளில், ஒரு முறை மாலையில் தொலைபேசியில், கடைசியாக ஞாயிற்றுக்கிழமை. களப்பணி ஆவணியில் நடப்பதால் முகூர்த்த நாட்களைக் காலண்டரில் குறித்து, அந்த நாட்களில் போவதில்லை. நான்காம் முறையும் கிடைக்காதவரைப் பற்றி வகுப்புப் பிரதிநிதியிடம் ஒரே ஒரு தகவல் கேட்டுக் குறிக்கிறேன்: வேலைக்குப் போகிறாரா, இல்லையா, தெரியாதா. அது விடையாகக் கணக்கில் சேராது. பதில் தராதவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னிணைப்பில் அட்டவணையாகக் காட்ட மட்டும் பயன்படும்.