தீபாவளித் தள்ளுபடி 2026: டெலிவரி, எக்ஸ்சேஞ்ச், பணம் பற்றி நீங்கள் கேட்கும் கேள்விகள்

தள்ளுபடி அக்டோபர் 9 வெள்ளி காலை 9 மணிக்குத் தொடங்கி நவம்பர் 5 வியாழன் இரவு 12 மணிக்கு முடியும். எங்கள் துணிக்கடையின் எல்லாச் சரக்கும் சேலம் குடோனிலிருந்து கிளம்புகிறது.

தீபாவளிக்கு முன்னால் கைக்கு வர எப்போது ஆர்டர் போட வேண்டும்?

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. கீழே இருப்பவை கடைசித் தேதிகள். அந்தந்த நாள் மதியம் 12 மணிக்குள் ஆர்டர் உறுதியானால் அன்று மாலை வண்டியிலேயே ஏற்றிவிடுவோம். 12 தாண்டினால் மறுநாள்தான்.

- சேலம், நாமக்கல், ஈரோடு: நவம்பர் 4, புதன்
- சென்னை, கோவை, மதுரை, திருச்சி நகர எல்லைக்குள்: நவம்பர் 3, செவ்வாய்
- தமிழ்நாடு, புதுச்சேரியின் மற்ற ஊர்கள், கிராமங்கள்: அக்டோபர் 30, வெள்ளி
- பெங்களூரு, கேரளா, ஹைதராபாத்: அக்டோபர் 31, சனி
- மும்பை, டெல்லி மற்றும் வட மாநிலங்கள்: அக்டோபர் 28, புதன்
- சிங்கப்பூர், மலேசியா: அக்டோபர் 21, புதன்

பெங்களூருவுக்கு 31 வரை நேரம் இருக்க, தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஏன் 30 என்று கேட்பார்கள். பெங்களூருக்கு சேலத்திலிருந்து தினமும் நேர் வண்டி உண்டு. கூரியர் போகாத ஊர்களுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறோம். அந்தப் பார்சல் நகரத்து அலுவலகத்தில் பிரிந்து கிளை அஞ்சலகம் போய்ச் சேர 4 அல்லது 5 நாள் பிடிக்கும்.

நவம்பர் 4, 5 தேதிகளில் ஆர்டர் போட்டாலும் தள்ளுபடி விலை கிடைக்கும். ஆனால் பெரும்பாலான ஊர்களுக்கு உடை தீபாவளி முடிந்துதான் வரும். அதைத் தெரிந்துகொண்டே போடுங்கள்.

இன்னொரு கணக்கையும் மறக்க வேண்டாம். சேலை நவம்பர் முதல் வாரம் வந்தால், அதன் பிளவுஸைத் தைத்துத் தர டெய்லர் கிடைப்பது சிரமம். பல டெய்லர்கள் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே புது வேலை வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். பிளவுஸ் தைக்க வேண்டிய சேலை என்றால் ஆயுத பூஜைக்கு முன் ஆர்டர் போட்டுவிடுவது நல்லது.

ஆர்டர் போட்டு நான்கு நாளாகியும் "பேக் செய்யப்படுகிறது" என்றே காட்டுகிறதே?

அக்டோபர் 17 சனி மாலைக்குப் பிறகு போட்ட ஆர்டரா? 18 ஞாயிறு, 19 ஆயுத பூஜை, 20 விஜயதசமி. மூன்று நாளும் குடோன் விடுமுறை. அந்த ஆர்டர்கள் 21 புதன்தான் கிளம்பும். மற்ற நாட்களில் 48 மணி நேரம் தாண்டியும் நிலை மாறவில்லை என்றால் ஆர்டர் எண்ணோடு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். பெரும்பாலும் முகவரியில்தான் ஏதாவது இடித்திருக்கும்.

முகவரியில் எது இடிக்கும்?

முதலில் பின்கோடு. ஒரு இலக்கம் மாறினாலும் பார்சல் வேறு ஊருக்குப் போய், திரும்பி வர ஒரு வாரமாகும். சென்னைக்காரர்கள் பழைய கதவு எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். கிராமமாக இருந்தால் அஞ்சலகத்தின் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது ரேஷன் கடை. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவர் எண்ணை இரண்டாவது எண்ணாகக் கொடுங்கள். இரண்டு முறை போன் எடுக்காவிட்டால் பார்சல் எங்களுக்கே திரும்பிவிடும்.

பார்சல் கிளம்பும் வரை 'என் ஆர்டர்கள்' பக்கத்தில் நீங்களே முகவரியைத் திருத்தலாம். கிளம்பிய பின் முடியாது.

மழையில் பார்சல் நனைந்தால்?

வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் ஒவ்வொரு துணியையும் தனி பாலித்தீன் உறையில் வைத்து, மேலே இன்னொரு உறை போட்டு ஒட்டுகிறோம். அதையும் மீறி உள்ளே ஈரம் இருந்தால் காயப் போடாதீர்கள். அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். காய்ந்த பிறகு தெரியும் கறை எப்போது பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் கடலோர மாவட்டங்களுக்கு ஓரிரு நாள் தாமதமாகும்.

"டெலிவரி ஆகிவிட்டது" என்கிறது, ஆனால் எங்களுக்கு வரவில்லை.

பக்கத்து வீடு, வாட்ச்மேன், அபார்ட்மென்ட் அலுவலகம், அஞ்சலகம் ஆகிய நான்கு இடத்திலும் கேளுங்கள். இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள். அதற்குள் புகார் பதிந்தால்தான் கூரியரிடம் யார் கையெழுத்து போட்டது என்று விசாரிக்க முடிகிறது. டெலிவரி ஓடிபியைப் பார்சல் கையில் வந்த பிறகே சொல்லுங்கள். "ஓடிபி சொல்லுங்க மேடம், சாயங்காலம் கொண்டு வர்றேன்" என்று போனில் கேட்டால் சொல்ல வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் எத்தனை நாளுக்குள்?

கைக்கு வந்ததிலிருந்து 7 நாள். தீபாவளிக்கு முன் வந்த எல்லா ஆர்டருக்கும் நவம்பர் 16 திங்கள் வரை நீட்டித்திருக்கிறோம். அக்டோபரிலேயே வாங்கி வைத்து, பண்டிகை அன்றைக்குத்தான் பிரிப்போம் என்கிறவர்களுக்காக இது.

எந்த நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்வீர்கள்?

மடிப்பு கலைந்திருந்தால் பரவாயில்லை. விலைச் சீட்டு இருக்க வேண்டும். பட்டுச் சேலையில் சில்க் மார்க் லேபிளைக் கழற்றியிருக்கக் கூடாது. ஃபால்ஸ் அடித்தது, குஞ்சம் கட்டியது, பிளவுஸ் துணியை வெட்டியது, ஒரு முறை அலசியது எதையும் திரும்ப எடுக்க முடியாது.

எக்ஸ்சேஞ்சை நாங்கள் மறுக்க வேண்டி வருவதற்கு அதிகம் இருக்கும் காரணம் ஒன்று உண்டு: மஞ்சள். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் வைத்துச் சாமிக்குப் படைத்த பிறகு, சட்டை பிடிக்கவில்லை என்று தெரியவரும். கடுகளவு மஞ்சளாக இருந்தாலும் அந்தத் துணியை இன்னொருவருக்கு விற்க முடியாது. எனவே பார்சல் வந்த அன்றே எல்லோரும் ஒரு முறை போட்டுப் பார்த்து, அளவு சரி என்றான பிறகு மஞ்சள் வையுங்கள்.

நிறம் போனில் பார்த்த மாதிரி இல்லை.

வாங்கும் முன் போனில் இரவு நேர மஞ்சள் திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் வெண்ணிறம் சந்தனமாகவும், ராமர் நீலம் பச்சையாகவும் தெரியும். மாம்பழ மஞ்சள், அரக்கு போன்ற நிறங்களுக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்த சிறு வீடியோ அந்தந்தச் சேலைப் பக்கத்திலேயே இருக்கிறது. நிறம் பிடிக்காமல் மாற்றினால் எடுத்துச் செல்லும் செலவு 80 ரூபாய் உங்களுடையது. எங்கள் தவறு, அதாவது வேறு நிறம், வேறு அளவு, கிழிசல் என்றால் செலவு எங்களுடையது.

கைத்தறிச் சேலையில் நூல் தூக்கி நிற்கிறது. சேதாரமா?

அங்கங்கே சிறு நூல் முடிச்சு, காஞ்சிபுரம் சேலையில் உடலும் கரையும் சேரும் கோர்வை இடத்தில் மெல்லிய தடிப்பு, பின்பக்கம் தெரியும் நூல் முனை எல்லாம் கைத்தறியின் இயல்பு. ஓட்டை, நீளமாக இழை விட்டுப்போன கோடு, எண்ணெய்க் கறை, சாயம் ஏறிய திட்டு ஆகியவை சேதாரம். வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் ஓட்டை உடனே தெரியும்.

சாஃப்ட் சில்க் என்று போட்டிருக்கும் 550 முதல் 900 ரூபாய்ச் சேலைகள் அசல் பட்டு அல்ல. பட்டு இல்லை என்ற காரணத்துக்காக அவற்றைச் சேதாரமாகக் கணக்கிட முடியாது. அசல் பட்டு வேண்டுமென்றால் சில்க் மார்க் குறி உள்ள பக்கத்தில் பாருங்கள்.

எப்படி மாற்றுவது?

1. பார்சலைப் பிரிக்கும் முன்பே வீடியோவைத் தொடங்குங்கள். முதலில் முகவரிச் சீட்டு தெரியட்டும், பிறகு ஆறு பக்கமும், பிறகு வெட்டிப் பிரிப்பது. இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். இது சேதாரம், பொருள் குறைவு இரண்டுக்கு மட்டுமே. அளவு மாற்ற வீடியோ தேவையில்லை.
2. 'என் ஆர்டர்கள்' பக்கத்தில் அந்தப் பொருளைத் தொட்டு 'மாற்ற வேண்டும்' கொடுங்கள்.
3. கூரியர் ஆள் 2 முதல் 4 நாளுக்குள் வருவார். அவர் வராத பின்கோடு என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள். எங்கள் தவறுக்காக அனுப்பினால் 100 ரூபாய் வரை திருப்பித் தருவோம்.

சட்டையின் அளவு பார்க்க, உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதை அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டுப்பாவாடைக்குக் குழந்தையின் வயதை நம்பாதீர்கள்; இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து பாருங்கள்.

மூன்றில் ஒன்றைத் திருப்பினேன், பணம் குறைவாக வந்திருக்கிறதே?

3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 300 தள்ளுபடி. 1,850 ரூபாய்ச் சேலை, 850 ரூபாய்ச் சட்டை, 400 ரூபாய் வேட்டி, மொத்தம் 3,100. நீங்கள் கட்டியது 2,800. சட்டையைத் திருப்பினால் மீதி 2,250 மட்டுமே. 3,000 இல்லாததால் 300 ரூபாய்ச் சலுகை போய்விடும். 2,800-இல் 2,250 கழித்து 550 ரூபாய் வரும். திருப்புவதற்குப் பதில் வேறு அளவுக்கு மாற்றினால் சலுகை அப்படியே இருக்கும்.

பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை.

உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். பண்டிகை இரவுகளில் வங்கி சர்வர் திணறும்போது பதில் தாமதமாக வரும். 30 நிமிடம் பொறுத்து 'என் ஆர்டர்கள்' பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, UTR என்ற 12 இலக்க எண்ணை அனுப்புங்கள். பணம் எடுக்கப்பட்டு எங்களுக்கு உறுதி வராத யுபிஐ பரிவர்த்தனையை 5 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. அதை உங்கள் வங்கியிடம் கேட்க வேண்டும்.

புது போன் வாங்கி யுபிஐ பதிந்தவர்களுக்கு: முதல் 24 மணி நேரம் பல வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் விடாது. பட்டுச் சேலை பில் நின்றுபோவது இதனால்தான். கார்டில் கட்டுங்கள், அல்லது மறுநாள் முயலுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி உண்டா?

5,000 ரூபாய் வரை உண்டு. 50 ரூபாய் கூடுதல். சில்க் மார்க் சேலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் கிடையாது. டெலிவரி கட்டணம் 999-க்கு மேல் இலவசம், கீழே 60 ரூபாய். வெளிநாட்டுக்கான கட்டணம் எடையைப் பொறுத்து பில்லில் வரும். அங்கே சுங்க வரி கேட்டால் அது வாங்குபவர் பொறுப்பு.

நீங்கள் ஆர்டர் போடாத பார்சலுக்குப் பணம் கேட்டு யாராவது வந்தால், சீட்டில் உள்ள ஆர்டர் எண்ணை உங்கள் எஸ்எம்எஸ்ஸோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம்.

திருப்பிய பணம் எப்போது வரும்?

துணி குடோனுக்கு வந்து பார்த்த பிறகு யுபிஐக்கு 3 வேலை நாள், கார்டுக்கு 7 வேலை நாள். கேஷ் ஆன் டெலிவரி என்றால் 'என் ஆர்டர்கள்' பக்கத்தில் உள்ள படிவத்தில் வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் மட்டும் கொடுக்க வேண்டும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. ரீஃபண்டுக்கு என்று பின் கேட்டாலோ, க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னாலோ அது நாங்கள் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

பண்டிகை நாளில் யாரிடம் பேசுவது?

வாட்ஸ்அப் உதவி காலை 9 முதல் இரவு 9 வரை, ஞாயிறும் உண்டு. நவம்பர் 8, 9 இரண்டு நாளும் விடுமுறை. அந்த நாட்களில் அனுப்பும் செய்திகளுக்கு 10-ஆம் தேதி செவ்வாய் காலை வந்த வரிசைப்படி பதில் தருவோம். அந்த இரண்டு நாள் எக்ஸ்சேஞ்ச் கெடுவில் சேராது.