உடைந்தது, உடைத்தாய்

மருமகளே,

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் "நாய் வந்தான், ஆச்சி வந்தது" என்று சொன்னாய். ஆச்சி சிரித்துக்கொண்டாள். ஆனாலும் லீவுக்கு நீ பாளையங்கோட்டைக்கு வருவதற்குள் இது உனக்குப் பிடிபட வேண்டும் என்று எனக்கு ஆசை.

'செய்கிறேன்' என்பதைப் பிய்த்துப் பார். செய் + கிற் + ஏன். முதலில் வேலை, நடுவில் காலம், கடைசியில் ஆள். அந்தக் கடைசித் துண்டை மட்டும் மாற்று: நான் செய்கிறேன், நாங்கள் செய்கிறோம், நீ செய்கிறாய், நீங்கள் செய்கிறீர்கள், அவன் செய்கிறான், அவள் செய்கிறாள், அவர் செய்கிறார், அவர்கள் செய்கிறார்கள், அது செய்கிறது. ஆண், பெண் என்று பிரிவது அவன், அவள் இரண்டில்தான். இந்தியில் பெண் தன்னைப் பற்றிப் பேசினால் வினையே மாறும். தமிழில் நீ சொன்னாலும் உன் தம்பி சொன்னாலும் 'வந்தேன்'தான். நாய், பஸ், மழை எல்லாம் 'அது'. மனுஷர் அதில் சேரமாட்டார்கள், அதனால்தான் ஆச்சி 'வந்தாள்'.

எதிர்காலத்துக்கு நடுவில் வ், ப் அல்லது ப்ப்: செய்வேன், நிற்பேன், படிப்பேன். 'அது' மட்டும் தனி வழி: மழை பெய்யும், பஸ் வரும்.

இறந்தகாலம்தான் உன்னைப் படுத்துகிறது, தெரியும். செய்தேன், வந்தேன், ஓடினேன், சாப்பிட்டேன், நின்றேன் என்று நடுத்துண்டு வினைக்கு வினை மாறும். இதற்கு விதியைத் தேடி அலையாதே. புது வினை ஒன்று கற்கும்போதே செய்கிறேன், செய்தேன், செய்வேன் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. காது பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு ஜோடியை மட்டும் நன்றாகக் கவனி. டம்ளர் உடைந்தது, நீ டம்ளரை உடைத்தாய். முதலாவதில் ந்த், தானாக நடந்தது. இரண்டாவதில் த்த், ஒருவர் செய்தது. விளக்கு எரிந்தது, குப்பையை எரித்தோம். மாடு மேய்ந்தது, தாத்தா மாட்டை மேய்த்தார். நிகழ்காலத்திலும் இதே கதைதான்: உடைகிறது, உடைக்கிறாய். 'க்' ஒன்று கூடினால் பழி உன் மேல் வந்துவிடும்! எனக்கு நம் மொழியில் ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு மெய்யெழுத்து யார் செய்தது என்று சொல்லிவிடுகிறது.

அப்புறம், இங்கே வந்ததும் குழம்பாதே. ஆச்சி 'சொல்கிறேன்' என்று சொல்லமாட்டாள், 'சொல்லுதேன்' என்பாள். "என்னட்டி செய்யுத?" என்று கேட்பாள். கிற் இருந்த இடத்தில் த் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாமா வந்தால் 'மாமா வந்தாவ' என்பாள், அது மரியாதை. எழுதும்போது நீ 'வந்தார்கள்' என்றே எழுது. ஆச்சியிடம் பேசும்போது ஆச்சி மாதிரியே பேசு, அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆச்சி, "நேத்து என்ன சாப்பிட்ட?" என்று கேட்பாள். 'சாப்பிட்டேன்' என்று முடித்துப் பதில் சொல்லு.

அன்புடன்,
அத்தை