அரை மார்க்

தூள் பறக்கும் என்பதால் அம்மா பீடி சுற்றும்போது வீட்டில் ஃபேன் ஓடாது. குடியாத்தத்துச் சித்திரை வெயில் ராத்திரி பதினொரு மணிக்கும் சுவரை விட்டு இறங்காது. செல்வி ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு செல்போனில் மாதிரித் தேர்வைத் திறந்தாள். போன் தம்பியுடையது. அவன் தூங்கின பிறகுதான் அவள் கைக்கு வரும்.

வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் கணக்குக்கு 35 கேள்வி, 20 நிமிஷம். ஒரு கேள்விக்கு 34 விநாடிதான். தப்பாகப் போட்டால் கால் மார்க் போகும். போன வருஷம் அரை மார்க்கில் போய்விட்டது. தெரியாததை விட மனசு வராமல் எதையோ தட்டிவிட்டு வந்திருந்தாள். வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், "எல்லாத்தையும் போட்டுட்டேம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னது இப்போதும் உறுத்துகிறது.

பன்னிரண்டாவது கேள்வி. ஆற்றோட்டத்தை எதிர்த்துப் போகிற படகு. இரண்டு முறை போட்டாள், இரண்டு விடை வந்தது. மூன்றாம் முறை நோட்டில் கோடு கிழித்தாள்.

எதிரே அம்மாவின் மடியில் முறம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், கூடுதலாகச் சுற்றினால்தான் கட்டும். இலை, ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, நுனியில் மடிப்பு, நூலில் ஒரு சுற்று. இருபத்தைந்து சேர்ந்ததும் எண்ணாமலே கை கட்டுப் போடப் போகும்.

"இன்னாடி, ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிற?"

"வந்துடும்போல கீதும்மா. இதப் போட்டுட்டா போதும்."

அம்மா ஒரு இலையை பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்த்து ஓரமாகப் போட்டாள்.

"அது நல்லாத்தானே கீது?"

"நரம்புல கிழிசல். சுத்தினா சுத்தலாம். அங்க செக்கர் ஒடச்சிப் போட்டுருவாரு. இலையும் போச்சு, தூளும் போச்சு, நேரமும் போச்சு." சொல்லிக்கொண்டே அடுத்த இலையை எடுத்துவிட்டாள்.

செல்வி அந்த ஒதுக்கிய இலையையே பார்த்தாள். அப்புறம் படகை விட்டுவிட்டு பதின்மூன்றுக்குப் போனாள். வட்டிக் கணக்கு, சட்டென்று வந்தது. பதினாறை முழுசாகப் படிக்கவே இல்லை.

நேரம் முடிந்தது. 26 போட்டு, 9 விட்டிருந்தாள். தப்பு இரண்டே இரண்டு. இருபத்து மூன்றரை.

அம்மா முறத்தோடு எழுந்தாள். "நீ ஃபேனப் போட்டுக்க. நான் திண்ணைக்குப் போறேன், அங்க காத்து வருது."

வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. செல்வி போனையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னாலேயே போய், தெருவிளக்கு விழுகிற பக்கமாக உட்கார்ந்தாள்.