பணி வாய்ப்பை மறுக்கும் மடல்: காலப் பிழைகள் திருத்தியது

கவிதா,

மடலைப் படித்தேன். பணிவு நன்றாக வந்திருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. நான்கு வினைச்சொற்களில் மட்டும் காலம் மாறிப்போயிருந்தது. திருத்தியது கீழே, அப்படியே எடுத்து அனுப்பலாம்.

பொருள்: தரக் கட்டுப்பாட்டு மேலாளர் பணி குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தரக் கட்டுப்பாட்டு மேலாளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு மனமார்ந்த நன்றி. உங்கள் பணி நியமனக் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள்.

நேர்காணலுக்கு வந்த அன்று ஆய்வகத்தை நீங்களே சுற்றிக்காட்டி, புதிய பிரிவின் திட்டங்களைப் பொறுமையாக விளக்கினீர்கள். அந்த அக்கறையை மறக்க மாட்டேன்.

நன்கு யோசித்த பிறகு, இப்போது பணியாற்றும் நிறுவனத்திலேயே தொடர முடிவு செய்திருக்கிறேன். இங்கே நான் பொறுப்பேற்ற வேலை ஒன்று பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் விலக மனம் வரவில்லை. ஆகவே நீங்கள் அளித்த பணியை ஏற்க இயலவில்லை. இதனால் உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.

பின்னொரு நாள் உங்களோடு பணியாற்றும் வாய்ப்பு அமைந்தால் மிகவும் மகிழ்வேன்.

நன்றியுடன்,
கவிதா

முக்கியமான திருத்தம் மூன்றாவது. “முடிவு செய்வேன்” என்று எழுதியிருந்தாய். அதைப் படிப்பவர், நீ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து உனக்காக அந்த இடத்தை நிறுத்தி வைப்பார். அடுத்து காத்திருப்பவருக்கும் அழைப்பு போகாது. “முடிவு செய்தேன்” என்றாலும் பிழையில்லை, ஆனால் கொஞ்சம் வெட்டிப் பேசுவதுபோல் இருக்கிறது. “செய்திருக்கிறேன்” முடிவையும் சொல்கிறது, குரலும் தணிந்திருக்கிறது.

“வருந்தினேன்” என்றால் வருத்தம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்றாகும். நீ இப்போதுதானே வருத்தம் தெரிவிக்கிறாய், அதனால் நிகழ்காலம். “கிடைக்கிறது”, “விளக்குகிறீர்கள்” இரண்டும் நடந்து முடிந்தவை, இறந்தகாலமாக்கினேன்.

“ஏற்க இயலவில்லை” என்பதை மாற்றிவிடாதே. “முடியாது” என்பதைவிட எவ்வளவோ மென்மை. “கேட்டிருந்தீர்கள்” என்பதும் சரிதான், கடிதம் வந்தபோதே அவர் கேட்டுவிட்டார். “அமைந்தால் மகிழ்வேன்” இனி நடக்கக்கூடியது, எதிர்காலமே பொருத்தம்.

இன்றைக்கே அனுப்பிவிடும்மா. வியாழக்கிழமை மாலைவரை அவரைக் காக்க வைக்க வேண்டாம்.

அக்கா