அடியில் ஒரு கையெழுத்து

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் எங்கள் நூல் குடோன். அங்கே நான் பதின்மூன்று வருஷம் கணக்குப் பிள்ளை. வேலைக்குச் சேருகிற ஆட்களிடம் காகிதம் வாங்குவதும் என் வேலைதான். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் நகல், பிஎஃப் படிவம், இஎஸ்ஐக்கு குடும்ப போட்டோ. இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவேன். வலது பக்கம் அடியில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருப்பேன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்."

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எதுவும் கேட்க மாட்டார்கள். 2019 ஜூன் 10ஆம் தேதி முருகேசன் கேட்டான்.

"ஏனுங்ணா, இதுல ஒண்ணுமே எழுதலீங்களே?"

"அது ஆபீஸ் வழக்கம்ப்பா. எல்லாரும் போட்டதுதான்."

மூலனூர்ப் பக்கத்து ஆள். ரெண்டு வருஷமாக மழையில்லை, இருந்த நாலு ஆட்டையும் விற்றுவிட்டு வந்திருந்தான். பேனாவை வாங்கி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு 'க.முருகேசன்' என்று எழுத்துக்கூட்டி எழுதினான். கடைசி 'ன்' டிக்குக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்று பச்சை ஃபைலில் போட்டு வைத்தேன். அந்த ஃபைலில் அன்றைக்கு நாற்பத்து மூன்று தாள்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்னுடையது. 2011இல் நானும் டிக் இருந்த இடத்தில்தான் போட்டேன்.

அந்தத் தாள் எதற்கு என்று எனக்குத் தெரியாது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் வேலை பார்த்த ஆளை நாமாக அனுப்பினால் ஒரு மாச நோட்டீஸ் தரணும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் தரணும். அவனாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அது ரெண்டும் தர வேண்டியதில்லை. முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்வதில் உள்ள சௌகரியம் அவ்வளவுதான். தேதி மட்டும் நாம் போட்டுக்கொள்ளலாம்.

முருகேசன் நல்ல உழைப்பாளி. ஐம்பது கிலோ நூல் மூட்டையை லாரியிலிருந்து தோளுக்கு மாற்றும்போது முகம்கூடச் சுளிக்க மாட்டான். கொரோனாவில் பள்ளிக்கூடமெல்லாம் மூடியிருந்தபோது அவன் மகள் அவனுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நாள் குடோனில் இருந்த அட்டைப் பெட்டியெல்லாம் அவன் பெயர்தான். மார்க்கரை வீணாக்குகிறான் என்று நானே திட்டியிருக்கிறேன். 2021 ஏப்ரல் சம்பளத்துக்கு, ரெவின்யூ ஸ்டாம்ப் மேலே, பெரிதாக ஒரு 'கே', வால் நீண்ட ஓர் 'என்', அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி.

"எப்படீங்ணா இருக்குது?"

"கலெக்டர் மாதிரி இருக்குது போ."

அதற்கப்புறம் அவன் தமிழில் கையெழுத்துப் போட்டு நான் பார்க்கவில்லை.

2023 டிசம்பரில், மூட்டை சரிந்து இடுப்பில் அடி. இஎஸ்ஐயில் காட்டி மூன்று வாரம் லீவு. திரும்பி வந்தவனால் பழையபடி தூக்க முடியவில்லை; பில் சரிபார்க்கிற வேலையை அவனுக்குக் கொடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார்.

"ஜூன் வந்தா அவனுக்கு அஞ்சு வருஷம் ஆகுதல்லோ?"

"ஆமாங்."

"கிராஜுவிட்டி எவ்வளவு வரும்?"

பதிமூன்றாயிரத்தை இருபத்தாறால் வகுத்தேன், பதினைந்தால் பெருக்கினேன், ஐந்தால் பெருக்கினேன். 37,500.

"தூக்க முடியாத ஆளுக்கு இதும் குடுத்து, சம்பளமும் குடுத்து... அந்தத் தாளை எடுப்பா, சண்முகம்."

நாலு மாசத்துக்கு அவர் காருக்குப் போடுகிற டீசல் காசு அதைவிட அதிகம். சொல்லவில்லை. பச்சை ஃபைலை எடுத்தேன்.

கையெழுத்து இருக்கிற தாளில் மேலே பிரிண்ட் எடுப்பது லேசான காரியமில்லை. வரி இறங்கிப்போய்க் கையெழுத்தில் இடித்தால் தாள் வீண். வேறு தாளுக்கு எங்கே போவது? அதனால் முதலில் ஒரு வெற்றுத்தாளில் அடித்து, ரெண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அன்றைக்கும் பிடித்தேன். 'எனது சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்ற வரிக்கு நாலு விரல் கீழே, எழுத்துக்கூட்டி எழுதிய 'க.முருகேசன்'.

அப்போதுதான் உறைத்தது. சம்பள ரிஜிஸ்டர் என் மேஜை மேலேயே இருந்தது. அதில் மூன்று வருஷத்துக் கலெக்டர் கையெழுத்து.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் பாராட்டியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது. "ஆச்சாப்பா?" என்றார் அவர். "ஆச்சுங்" என்று 23-01-2024 என்று தேதி போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பென்சில் டிக்கை மட்டும் ரப்பர் வைத்து அழித்தேன். அது பழக்கம்.

வெடியால வேலைக்கு வந்த முருகேசனை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அவன் அரைமணி நேரம் புளியமரத்தடியில் நின்றிருந்தான். ஜன்னலை நான் சாத்திக்கொண்டேன்.

யாரோ சொல்லி, திருப்பூர் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டான். மார்ச்சில் எங்களுக்குக் கடிதம் வந்தது. முதலாளியோடு நானும் போனேன், ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு. எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முதலாளியும் நம்மிடம் எல்லாம் சுத்தம் என்று தைரியமாகத்தான் வந்தார்.

முருகேசன் மகளோடு வந்திருந்தான். பத்தாவது படிக்கிற பெண். அதிகாரி கடிதத்தை அவனிடம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஆளுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "இது அப்பாவோட பழைய கையெழுத்துங்க சார். நான் சொல்லித் தர்றதுக்கு முன்னாடி போட்டது" என்றாள்.

அதிகாரி ரிஜிஸ்டரை வாங்கினார். ஒவ்வொரு மாசமாகப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் படபடத்தன. 2021 மார்ச்சில் விரலை வைத்து நிறுத்தினார். நிமிர்ந்து முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஆளுங்ககிட்ட காகிதம் வாங்குறது நீங்கதானே? இந்தக் கையெழுத்து எப்ப வாங்குனது?"

முதலாளி தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று பதின்மூன்று வருஷமாக எனக்குத் தெரியும்.

"2019 ஜூன் பத்தாந் தேதிங்," என்றேன். "சேர்ந்த அன்னிக்கு. அப்ப வெறுந்தாளுங்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். ஆளைத் திரும்ப வேலைக்கு எடுப்பதைப் பற்றி யோசித்துவிட்டு வரச் சொல்லி, பதினைந்து நாள் தள்ளித் தேதி கொடுத்தார். வெளியே வரும்போது முருகேசன் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

காரில் பல்லடம் வரை ஒரு பேச்சில்லை. குடோனுக்கு வந்ததும் முதலாளியே பீரோவைத் திறந்தார். பச்சை ஃபைலைக் கவிழ்த்து வைத்து, அடித்தாளை உருவி என் மேஜையில் போட்டார். ஓரமெல்லாம் பழுத்துப் போயிருந்தது.

"உன்றதை நீயே அடிச்சிரு, சண்முகம். இன்னிக்குத் தேதி போட்டுக்க."

கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தேன். எழுத வேண்டியது ஏற்கெனவே இருந்தது. பெயரை மட்டும் மாற்றினேன். முதலில் ஒரு வெற்றுத்தாளில் அடித்து, ரெண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரி எங்கேயும் இடிக்கவில்லை. என் கையெழுத்து 2011இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்னும் இருக்கிறது.