அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கிய 40 ரூபாயைத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்
வீ. கலைச்செல்வி,
கோ. புதூர்,
மதுரை – 625007.

பெறுநர்
உரிமையாளர் / மேலாளர்,
நெடுஞ்சாலை மோட்டல் வளாகக் கடை,
திருச்சி – சென்னை தேசிய நெடுஞ்சாலை,
உளுந்தூர்பேட்டை அருகில்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

நாள்: 20.11.2025

பொருள்: 15.11.2025 அதிகாலை அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வசூலித்த ரூ.40-ஐத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த 15-ஆம் தேதி அதிகாலை சுமார் 2 மணிக்கு, மதுரையிலிருந்து சென்னை செல்லும் இரவுப் பேருந்து உங்கள் வளாகத்தில் நின்றபோது, உணவகத்துக்கு வெளியே வாசலை ஒட்டி இருக்கும் உங்கள் கடையில் சில பொருட்கள் வாங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, பிஸ்கட் பாக்கெட் ஒன்று, 200 மில்லி பழச்சாறு டப்பா இரண்டு. மொத்தம் 155 ரூபாய் கேட்டார்கள். யுபிஐ மூலம் கட்டினேன்.

தண்ணீர் பாட்டிலில் அச்சிட்டிருந்த விலை 20 ரூபாய், வாங்கியது 30. பழச்சாற்றில் அச்சிட்டிருந்தது 20, வாங்கியது 25. பிஸ்கட்டுக்கு 45 வாங்கினார்கள். அதன் விலையைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன். அச்சிட்ட விலைப்படி நான் தந்திருக்க வேண்டியது 115 ரூபாய். கூடுதலாகப் போனது 40 ரூபாய்.

கல்லாவில் இருந்தவரிடம் அப்போதே பாட்டிலைக் காட்டிக் கேட்டேன். "கூலிங் சார்ஜ்மா, மோட்டல்ல எல்லா இடத்துலயும் இதுதான் ரேட்டு" என்றார். பழச்சாறு ஃப்ரிட்ஜில் இருந்ததே இல்லை, வெளியே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று சொன்னதும், "வேணும்னா வாங்குங்க, இல்லன்னா வச்சிட்டுப் போங்க" என்று பதில் வந்தது. பின்னால் வரிசை நின்றது, பேருந்தும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உடன் வந்த என் தந்தை மாத்திரை போட வேண்டிய நேரம். வைத்துவிட்டுப் போக முடியாது என்பது உங்கள் ஊழியருக்கும் தெரியும். பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பயணி முடிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் எதிரே வேறு கடையும் கிடையாது. அதனால்தான் இந்தக் கூடுதல் விலை அங்கே செல்லுபடியாகிறது.

அட்டையில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் சேர்ந்தது. குளிரூட்டும் மின்சாரம், கடை வாடகை, ஆள் கூலி எல்லாவற்றையும் அந்த விலைக்குள்தான் கடைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைத்து விற்கலாம், கூட்டி விற்க முடியாது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன் 18(2) பிரிவு, சில்லறை வணிகர் எவரும் பொட்டலப் பொருளை அதன் சில்லறை விற்பனை விலையை மிஞ்சி விற்கக் கூடாது என்கிறது. கூலிங் சார்ஜ் என்ற பெயரில் தனியாக வசூலிக்க அதில் இடம் இல்லை.

உணவகங்களுக்கு விலக்கு உண்டு என்று உங்கள் தரப்பில் சொல்லக்கூடும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டல்களும் உணவகங்களும் பரிமாறும் பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலையை விடக் கூடுதலாக வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது உண்மைதான். மேசையில் உட்கார வைத்து, பரிமாறி, இடமும் வசதியும் தரும்போது அது வெறும் பொருள் விற்பனை அல்ல என்பதே அதற்குச் சொன்ன காரணம். நான் உங்கள் உணவகத்துக்குள் வரவே இல்லை. கடை வாசலில் நின்று, தண்ணீர் பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து நானே எடுத்து, பணம் கட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். அந்தத் தீர்ப்பு இந்தக் கடைக்குப் பொருந்தாது. ஒரே வளாகம், ஒரே உரிமையாளர் என்பதாலும் பொருந்திவிடாது.

இனி பிஸ்கட் பாக்கெட். அதன் மேல் ரூ.45 என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பேருந்தில் பாக்கெட்டைப் பிரிக்கும்போது ஸ்டிக்கரின் ஓரம் எழும்பி, அடியில் நிறுவனம் அச்சிட்ட ரூ.35 தெரிந்தது. மற்ற இரண்டு பொருட்களிலும் நடந்ததை ஊழியரின் பழக்கம் என்று நீங்கள் சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. விலையைக் குறைப்பதற்காக மட்டுமே ஸ்டிக்கர் ஒட்ட விதி அனுமதிக்கிறது, அதுவும் பழைய விலையை மறைக்காமல். இந்த ஸ்டிக்கரை உங்கள் கடையில் ஒட்டினார்களா, சரக்கு போட்டவர் ஒட்டினாரா என்று எனக்குத் தெரியாது, அதனால் உங்கள் மேல் பழி போடவில்லை. ஆனால் அடுக்கில் அதே ஸ்டிக்கருடன் இன்னும் பல பாக்கெட்டுகள் இருந்தன. நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பில் கேட்டபோது, பொருட்களின் பெயர் எதுவும் இல்லாமல் "இதர – 155" என்று ஒரே வரியில் சீட்டு தந்தார்கள். என்ன வாங்கினேன், எதற்கு எவ்வளவு என்பது அதில் இல்லை. பணம் கட்டிய நேரமும் தொகையும் யுபிஐ பதிவில் இருக்கிறது. பேருந்திலேயே எல்லாப் பொருட்களையும் படம் எடுத்து வைத்தேன். ஸ்டிக்கருடன் அந்த பிஸ்கட் உறையும் என்னிடம் பத்திரமாக உள்ளது.

நான் கேட்பது இவ்வளவுதான். கூடுதலாக வாங்கிய 40 ரூபாயை, நான் பணம் அனுப்பிய அதே யுபிஐ கணக்குக்கு, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அனுப்பிவிடுங்கள். அனுப்பியதற்கும், இனி அச்சிட்ட விலைக்கே விற்கும்படி ஊழியர்களிடம் சொல்லிவிட்டதற்கும் இரண்டு வரி பதில் எழுதினால் போதும். நஷ்ட ஈடோ மன உளைச்சல் தொகையோ இப்போது கேட்கவில்லை. நாற்பது ரூபாய்க்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று தோன்றலாம். இதை விரைவு அஞ்சலில் அனுப்பவே அதைவிடக் கூடுதலாகும். எனக்கு 40 ரூபாய், ஆனால் ஓர் இரவில் உங்கள் வளாகத்தில் எத்தனை பேருந்துகள் நின்று போகின்றன என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால், கள்ளக்குறிச்சி தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் உறையையும் படங்களையும் சேர்த்துப் புகார் தருவேன். தமிழ்நாட்டில் எடையளவு விதிகளை அமல்படுத்துவது அந்தத் துறைதான். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன். அதற்கும் பலன் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொட்டலத்தில் காட்டிய விலைக்கு மேல் வாங்குவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 புகாருக்குரிய காரணமாகவே சொல்கிறது. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் நான் மதுரையில் தாக்கல் செய்ய முடியும், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அப்போது அலைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்தே கேட்பேன்.

நேரில் பேசித் தீர்க்க விரும்பினாலும் ஆட்சேபம் இல்லை. ஆனால் முடிவை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
வீ. கலைச்செல்வி

இணைப்பு: 15.11.2025 கடைச் சீட்டின் நகல். யுபிஐ பணப் பதிவின் நகல். பொருட்களின் விலை தெரியும் படங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் ரூ.35 தெரியும் பிஸ்கட் உறையின் படம். அசல் உறை என்னிடமே இருக்கும்.