பள்ளி மாணவர்களின் குறிப்பெடுப்பும் நினைவாற்றலும்: கையெழுத்தும் தட்டச்சும் – ஒரு மீளாய்வு

சுருக்கம்

“கையால் எழுதினால் மனதில் நிற்கும்” என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எழுத்தைப் புதிதாகக் கற்கும் குழந்தைக்குக் கையெழுத்து உதவுமா? பாடம் கேட்டுக் குறிப்பெடுக்கும் மாணவருக்கு உதவுமா? முதல் கேள்விக்குச் சான்று வலுவானது. இரண்டாவதில், கை எழுதுகிறதா விசை தட்டுகிறதா என்பதைவிட, மாணவர் ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி பதிகிறாரா என்பதே முக்கியம் என இக்கட்டுரை வாதிடுகிறது. சென்னைப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டது.

எழுத்தறிதல்

லோன்காம்ப் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுள்ள 76 பிரெஞ்சுக் குழந்தைகள் எழுத்துகளைக் கற்றனர். பாதிப் பேர் கையால் எழுதி, பாதிப் பேர் தட்டச்சு செய்து. குழுவில் மூத்த குழந்தைகளிடம், கையால் எழுதியவர்களே எழுத்துகளைச் சரியாக அடையாளம் கண்டனர். ஜேம்ஸ், எங்கல்ஹார்ட் இருவரின் 2012 ஆய்வு, இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. வாசிப்போடு தொடர்புள்ள பகுதிகள், தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத் தூண்டப்பட்டதுபோல் தட்டச்சு செய்தவற்றுக்குத் தூண்டப்படவில்லை.

இவை ரோமன் எழுத்தில் நடந்தவை. தமிழில் வேறுபாடு இன்னும் கூர்மையாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். ‘கொ’ என்று எழுதும் குழந்தை முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ‘க’, கடைசியாகத் துணைக்கால் போடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் ‘க’, ‘ஒ’ என இரண்டு விசைகளோடு வேலை முடிகிறது. கொம்பையும் காலையும் மென்பொருளே போட்டுவிடும். தமிழ்ச் சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்துகளால் தட்டும் ஒலிவழித் தட்டச்சில் இன்னொரு சிக்கல்: ல, ள, ழ மூன்றில் எது என்பதைப் பரிந்துரைப் பட்டியலே காட்டிவிடுகிறது. மாணவர் நினைவிலிருந்து எடுப்பதில்லை, கண்ணால் பார்த்துத் தேர்கிறார்.

குறிப்பெடுத்தல்

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரின் 2014 கட்டுரை. மடிக்கணினியில் குறிப்பெடுத்த கல்லூரி மாணவர்கள் கூடுதலாகப் பதிந்தனர், சொன்னதை அப்படியே பதிந்தனர். கருத்துக் கேள்விகளில் பின்தங்கினர். “அப்படியே எழுதாதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லியும் பலனில்லை. இதை 142 மாணவர்களோடு திரும்பச் செய்த யூரி குழுவினரின் 2021 ஆய்வில், மடிக்கணினிக் குறிப்பு வரிக்கு வரி பதிவாவது மீண்டும் தென்பட்டது; தேர்வு மதிப்பெண் வேறுபாடு தென்படவில்லை. இந்த இரண்டாம் பாதியை மேடைப் பேச்சுகளில் யாரும் சொல்வதில்லை.

நார்வே ஆய்வாளர்கள் 2020-இல் 12 வயதுச் சிறுவர்களின் மூளை அலைகளை அளந்ததும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே பங்கேற்றவர்கள் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தனர். அளக்கப்பட்டது மூளைச் செயல்பாடு, நினைவு அல்ல.

சென்னை வகுப்பறையில்

கையெழுத்து தரும் ஆதாயம் அதன் மெதுவில் இருக்கிறது. பேச்சின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காததால், மாணவர் எதை விடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். ஆசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொல்லி எழுத வைத்தாலோ, கரும்பலகையில் இருப்பதைக் காப்பி எடுக்கச் சொன்னாலோ அந்தக் கட்டாயம் போய்விடும். அப்போது பேனாவும் விசைப்பலகை போலத்தான்.

ஆசிரியர் சொல்வது: “அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வருவதால் சென்னைக்கு மழை கிடைக்கிறது.” நல்ல குறிப்பு: “அக்–டிச: வ.கி. காற்று + வங்கக்கடல் ஈரம் → சென்னை மழை”. முழு வாக்கியத்தையும் அழகான கையெழுத்தில் எழுதிய நோட்டுக்கு முழு மதிப்பெண் கொடுத்தால், மாணவர் எதைப் பழகுவார் என்பது தெளிவு.

சோதித்துப் பார்க்க

இரு பிரிவுகளுக்கு ஒரே 15 நிமிடப் பாடத்தை ஒலிப்பதிவாகக் கொடுங்கள். ஆசிரியர் மாறினால் ஒப்பீடு கெடும். முதல் நாள் ஒரு பிரிவு பேனா, மற்றது விசைப்பலகை. அடுத்த பாடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். தொடங்குமுன் ஒவ்வொருவரையும் 3 நிமிடம் ஒரு பத்தியை இரு முறையிலும் பார்த்தெழுத வைத்து வேகத்தைக் குறியுங்கள். விசையைத் தேடித் தேடித் தட்டும் பிள்ளைக்குக் கவனமெல்லாம் விசையில்தான் போகும். அவர் மதிப்பெண் குறைந்தால் அது பழக்கக் குறைவே. சொல் பரிந்துரையை அணைத்து வையுங்கள்.

ஐந்து தகவல் கேள்வி, ஐந்து ‘ஏன்’ கேள்வி. அன்றே ஒரு முறை தேர்வு, ஏழு நாள் கழித்து 10 நிமிடம் குறிப்பைப் படிக்கவிட்டு, அதே கடினமுள்ள வேறு கேள்விகளோடு ஒரு முறை. இரண்டாவது தேர்வை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை: குறிப்பு பின்னால் படிப்பதற்காகத்தானே எடுக்கப்படுகிறது. பிறகு குறிப்பில், ஒலிப்பதிவோடு அச்சாக ஒத்துப்போகும் மூன்று சொல் தொடர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மதிப்பெண்ணைப் பேனா–விசைப்பலகை என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன், இந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.